லிங்க்குக்குப் பாஸ்வேர்டு வைத்தும் தகராறா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வெளியாள் ஒருவருக்கு ரகசியமான கோப்புகள் அனுப்ப வேண்டும். கிளவுடில் ஏற்றி, லிங்க் எடுத்து, அதற்கு ஒரு பாஸ்வேர்டும் காலாவதி தேதியும் வைத்து, பாஸ்வேர்டை மட்டும் வேறு வழியில் சொல்ல வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலைதான். எங்கள் அலுவலகத்தில் இது எங்கே சறுக்கினாலும் கூப்பிடுவது என்னைத்தான். திரும்பத் திரும்ப ஒரே ஏழெட்டுக் கோளாறுகளைப் பார்த்துச் சலித்துப்போனதால், என்ன அறிகுறி தெரிந்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று எழுதி வைத்துவிட்டேன்.

தொடங்கும் முன் ஒன்று. பூட்டு தொங்குவது கோப்பில் இல்லை, லிங்க்கில். ஒரு கோப்புக்கு மூன்று லிங்க் இருந்தால் அதற்கு மூன்று வாசல். ஒன்றைப் பூட்டினால் மற்ற இரண்டும் திறந்தேதான் கிடக்கும். கீழே வரும் தகராறுகளில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றே. அனுப்பிய மெயிலைத் திறந்து, அதில் இருக்கும் லிங்க்கையே நகலெடுத்து, பிரவுசரின் இன்காக்னிட்டோ சாளரத்தில் ஒட்டிப் பாருங்கள். கிளவுடின் திரையிலிருந்து மறுபடி நகலெடுக்காதீர்கள். அனுப்பியது ஒன்று, சோதிப்பது வேறொன்று என்று ஆகிவிடும். அந்தச் சாளரத்தில் என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்துக் கீழே உள்ள தலைப்புக்குப் போங்கள்.

## பாஸ்வேர்டே கேட்காமல் திறந்துவிடுகிறது

### உங்களுக்கு மட்டும் அப்படித் திறக்கிறது, இன்காக்னிட்டோவில் கேட்கிறது

கோளாறு எதுவும் இல்லை. கோப்பின் உரிமையாளராக நீங்கள் உள்ளே நுழைந்திருக்கிறீர்கள். உங்களிடம் எதற்குக் கேட்க வேண்டும்? ஒருமுறை பாஸ்வேர்டு போட்டுத் திறந்த பிரவுசரும் சிறிது நேரம் அதை நினைவில் வைத்திருக்கும். இன்காக்னிட்டோ சாளரங்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறந்து சோதித்தால் போதும்.

### இன்காக்னிட்டோவிலும் கேட்கவில்லை

இப்போது கவலைப்பட வேண்டியதுதான். அநேகமாக நீங்கள் அனுப்பியது பழைய லிங்க்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். கணக்குத் தணிக்கையாளருக்குச் சம்பளப் பட்டியல் இருந்த ஃபோல்டரை அனுப்ப வேண்டியிருந்தது. திங்களன்று அவசரத்தில் லிங்க் எடுத்தேன். அது திருத்தும் உரிமையோடு வந்த லிங்க், பாஸ்வேர்டு இல்லை. அதை மெயிலில் அனுப்பியும்விட்டேன். மறுநாள் நினைவு வந்து, அமைப்புகளைத் திறந்து, உரிமையைப் பார்க்க மட்டும் என்று மாற்றி, பாஸ்வேர்டு வைத்து, பத்து நாள் கெடுவும் கொடுத்தேன். திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது. புதிய லிங்க்கை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒரு வாரம் கழித்துத் தணிக்கையாளர், “பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லையே, நீங்கள் தனியாக அனுப்பியது எதற்கு?” என்று கேட்டார். அவர் தினமும் திறந்துகொண்டிருந்தது திங்கட்கிழமை மெயிலை.

நடந்தது இதுதான். பார்க்க ஒரு லிங்க், திருத்த ஒரு லிங்க் என்று இரண்டைத் தனித்தனியாக வைத்திருக்கும் சேவைகள் பல. ஒன்டிரைவும் டிராப்பாக்ஸும் இந்த ரகம். உரிமையை மாற்றியபோது பழைய லிங்க் மாறவில்லை, பக்கத்தில் புதிதாக ஒன்று முளைத்தது. நான் பூட்டியது அதைத்தான். நெக்ஸ்ட்கிளவுடில் ஒரே கோப்புக்கு எத்தனை லிங்க் வேண்டுமானாலும் போடலாம், ஒவ்வொன்றுக்கும் பாஸ்வேர்டும் தேதியும் தனி. அங்கே இந்தக் குழப்பம் இன்னும் சுலபமாக வரும்.

சரிபார்க்கும் வரிசை இப்படி:

1. பகிர்ந்தவை எல்லாம் பட்டியலாகத் தெரியும் பக்கத்தைத் திறங்கள். ஒன்டிரைவில் அது `Manage access`. லிங்க்குகளுக்குத் தனிப் பகுதி இருக்கும்.
2. ஒன்றுக்கு மேல் இருந்தால், பூட்டாததை நீக்குங்கள். அதற்கும் பாஸ்வேர்டு வைத்துக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். அது யார் யார் கைக்குப் போயிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.
3. பிறகு மேலே உள்ள ஃபோல்டரையும், அதற்கு மேலே உள்ளதையும் இதே மாதிரி பாருங்கள். உள்ளே இருக்கும் ஒரு கோப்பை எவ்வளவு பத்திரமாகப் பூட்டினாலும், அதைச் சுமக்கும் பெரிய ஃபோல்டருக்கு என்றோ கொடுத்த திறந்த லிங்க் இருந்தால் அந்த வழியாக வந்துவிடலாம்.
4. நீக்கிய பின் பழைய மெயிலில் உள்ள லிங்க்கை மறுபடி இன்காக்னிட்டோவில் தட்டுங்கள். இல்லை என்று வந்தால்தான் வேலை முடிந்தது.

மூன்றாவது படியை எல்லாரும் தாண்டிவிடுவார்கள். நானும் தாண்டியிருக்கிறேன்.

### பட்டியலில் ஒரே லிங்க்தான், ஆனாலும் கேட்கவில்லை

பாஸ்வேர்டைத் தட்டச்சு செய்துவிட்டு `Apply` அல்லது `Save` பொத்தானை அழுத்தாமல் வெளியேறியிருப்பீர்கள். அமைப்பைத் திறந்து, பாஸ்வேர்டு இடத்தில் புள்ளிகள் நிற்கின்றனவா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் நீங்கள் பயன்படுத்துவது கூகுள் டிரைவா என்று பாருங்கள். அங்கே ‘லிங்க் உள்ள எவரும்’ வகைக்குப் பாஸ்வேர்டு வைக்கும் வசதியே கிடையாது. அதற்கு என்ன செய்வது என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

லிங்க்கை வாட்ஸ்அப் போன்ற செயலியில் ஒட்டும்போது வரும் சின்ன முன்னோட்டத்தையும் கவனியுங்கள். அதில் கோப்பின் முதல் பக்கமே படமாகத் தெரிந்தால், அந்தச் செயலியால் பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே போக முடிந்திருக்கிறது என்று பொருள். செயலியால் முடிந்தால் யாராலும் முடியும்.

## பாஸ்வேர்டு தவறு என்று சொல்கிறது

பெறுபவர் “சரியாகத்தான் போடுகிறேன்” என்று சத்தியம் செய்வார். நம்புங்கள். தவறு பெரும்பாலும் வழியில் நடந்திருக்கும்.

### நீங்களே இன்காக்னிட்டோவில் போட்டால் திறக்கிறது

அப்படியானால் லிங்க்கும் பாஸ்வேர்டும் சரி. போய்ச் சேர்ந்ததில்தான் வித்தியாசம். அவருக்கு வந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள், பாஸ்வேர்டு இன்னோர் இடத்தில் பதிந்துவிடும். போனில் எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள். நான் அதிகம் பார்த்தவை இவை:

அனுப்பும்போது உங்கள் போன் கீபோர்டு முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கியிருக்கும். வாக்கியத்தின் தொடக்கம் என்று அது நினைத்துக்கொள்கிறது. நீங்கள் வைத்தது `k`, போனது `K`.

வாட்ஸ்அப்பில் இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே வரும் எழுத்து தடிமனாகும், குறிகள் இரண்டும் மறைந்துவிடும். அடிக்கோடு, `~` குறிகளுக்கும் இதே கதி. பாஸ்வேர்டு `*mazhai*` என்று இருந்தால், அவர் பார்ப்பது வெறும் mazhai. இதைக் கண்டுபிடிக்க எனக்கு முதல் முறை ஒரு மதியம் முழுக்கப் போனது.

நகலெடுக்கும்போது கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொள்ளும். அல்லது, “பாஸ்வேர்டு இதுதான்” என்று எழுதிவிட்டு வாக்கியத்தை முடிக்க நீங்கள் வைத்த முற்றுப்புள்ளியும் சேர்ந்து போகும். ஆவண மென்பொருளில் எழுதி அங்கிருந்து நகலெடுத்தால் நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாகவும், இரட்டைக் கோடு நீளக் கோடாகவும் மாறிவிடும்.

பிறகு, கண்ணை ஏமாற்றும் எழுத்துகள். பூஜ்யமும் O எழுத்தும். ஒன்றும் சின்ன l எழுத்தும் பெரிய I எழுத்தும்.

இத்தனைக்கும் சேர்த்து நான் கண்ட மருந்து, பாஸ்வேர்டை அமைக்கும் விதத்தை மாற்றுவது. சின்ன எழுத்துகளும் எண்களும் மட்டும், மேலே சொன்ன குழப்ப எழுத்துகள் இல்லாமல், பதினாறு இடம். இப்படி:

```
kf7mt4rx9wpah3de
```

இதை அப்படியே எடுத்துப் பயன்படுத்த வேண்டாம், பாஸ்வேர்டு மேலாளரில் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். சிறப்புக் குறிகள் இல்லையே, பலவீனமாகிவிடாதா என்று கேட்பார்கள். பதினாறு எழுத்தும் தற்செயலாகத் தேர்ந்தவையாக இருந்தால் நீளமே அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். போனில் நாலு நாலாகப் பிரித்துச் சொல்லலாம். முன்பு நாலு எழுத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்தேன், “அந்தக் கோட்டையும் அடிக்கணுமா?” என்று ஒவ்வொருவரும் கேட்டதால் அதை விட்டுவிட்டேன். சேவை கட்டாயமாகப் பெரிய எழுத்தோ குறியோ கேட்டால் கடைசியில் ஒன்றைச் சேர்த்து, அது என்ன என்று வாயால் சொல்லிவிடுங்கள்.

### நீங்கள் போட்டாலும் திறக்கவில்லை

வைத்தபோதே எழுத்துப் பிழை நேர்ந்திருக்கலாம், அல்லது உங்கள் அலுவலகத்தில் வேறு யாராவது மாற்றியிருக்கலாம். வைத்த பாஸ்வேர்டைத் திரும்பக் காட்டாத சேவைகள்தான் அதிகம், எனவே தேடி நேரம் போக்காமல் புதிது வைத்துவிடுங்கள். பழையதை அனுப்பியிருந்த வழியிலேயே, “முந்தையது செல்லாது” என்ற ஒரு வரியோடு புதியதை அனுப்புங்கள். அந்த வரி இல்லாவிட்டால் அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்.

### முதலில் தவறு என்றது, இப்போது பக்கமே திறக்க மறுக்கிறது

பல முறை தவறாகப் போட்டதால் சேவை அவரைத் தடுத்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் காத்திருந்தால் தானாகத் தீரும். நெக்ஸ்ட்கிளவுடில் ஒவ்வொரு தவறுக்கும் பதில் வருவது மெதுவாகிக்கொண்டே போகும், கடைசியில் அதிகமான முயற்சிகள் என்று நிறுத்திவிடும். இது ஐபி முகவரியை வைத்து எண்ணப்படுவதால், ஒரே அலுவலக இணையத்தில் இருக்கும் மற்றவர்களும் மாட்டுவார்கள். மொபைல் டேட்டாவுக்கு மாறித் திறக்கச் சொல்லிப் பாருங்கள். சர்வர் உங்களுடையது என்றால் அட்மின் இந்தக் கட்டளையால் தடையை எடுத்துவிடலாம். முகவரியின் இடத்தில் பெறுபவரின் ஐபி வர வேண்டும். `www-data` என்பது உபுண்டு, டெபியன் சர்வர்களில் வழக்கமான பயனர் பெயர்.

```
sudo -u www-data php occ security:bruteforce:reset 203.0.113.25
```

### அவர் போடுவது எந்தப் பாஸ்வேர்டு?

இதைக் கேட்க மறக்காதீர்கள். “பாஸ்வேர்டு கேட்டது, என் மெயில் பாஸ்வேர்டைப் போட்டேன்” என்று சொன்னவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர். அவரை ஒரு வரி எச்சரிக்கையோடு அந்த மெயில் பாஸ்வேர்டை மாற்றச் சொல்வது நல்லது. அவர் போட்டது உங்கள் லிங்க்கின் பக்கத்தில்தான் என்பது அவருக்கே உறுதியாக இருந்தால் அவசரமில்லை. இல்லையென்றால் உடனே மாற்ற வேண்டும்.

## பாஸ்வேர்டு கேட்பதற்குப் பதில் லாகின் கேட்கிறது

பெறுபவருக்கு அந்தச் சேவையில் கணக்கே இல்லை, ஆனால் பெயரும் மெயிலும் போட்டு நுழையச் சொல்கிறது.

முதல் காரணம் சிரிப்பு வரவைக்கும்: லிங்க்கைப் பகிரும் பொத்தானிலிருந்து எடுக்காமல், ஃபோல்டரைத் திறந்து பிரவுசரின் மேலே இருக்கும் முகவரியை நகலெடுத்து அனுப்பியிருப்பது. அது உங்களுக்கான வழி, அவருக்கு அல்ல. அடுத்தது, லிங்க் வகை. ஒன்டிரைவில் `Anyone` என்று எடுத்தால்தான் கணக்கு இல்லாமல் திறக்கும். அலுவலகத்தினருக்கு மட்டும் என்றோ குறிப்பிட்ட ஆட்களுக்கு என்றோ எடுத்திருந்தால் யார் என்று கேட்கத்தான் செய்யும்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். குறிப்பிட்ட ஆளுக்கு என்று எடுத்த லிங்க்கில், அவர் மெயிலுக்கே ஒரு குறியீட்டு எண் போய், அதைப் போட்டால் திறக்கும் ஏற்பாடு இருந்தால், பாஸ்வேர்டு போட்ட திறந்த லிங்க்கைவிட அது மேல். அதை அடுத்தவருக்கு அனுப்பினாலும் திறக்காது; தனியாகப் பாஸ்வேர்டு சொல்லும் தொல்லையும் இல்லை. பெறுபவர் ஒருவர்தான், அவர் மெயில் முகவரி உறுதியாகத் தெரியும் என்றால் நான் அதற்குத்தான் போவேன். அவர் அலுவலகத்தில் பொதுவான மெயில் ஒன்றை ஐந்து பேர் திறப்பார்கள் என்றால் மறுபடி பாஸ்வேர்டுக்கு வந்துவிடுவேன்.

லிங்க் நீளமாக இருந்து மெயிலில் இரண்டு வரியாக உடைந்திருந்தாலும் லாகின் பக்கத்துக்கோ பிழைப் பக்கத்துக்கோ போகும். சில சேவைகளில் `#` குறிக்குப் பின்னால் வரும் பகுதிதான் சாவி. அது அறுந்தால் எந்தப் பாஸ்வேர்டும் உதவாது. முழு லிங்க்கும் நீல நிறத்தில் கோடிட்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

## பாஸ்வேர்டும் தேதியும் வைக்கும் இடத்தையே காணோம்

செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குவோம்.

மொபைல் செயலியில் தேடுகிறீர்களா? சில செயலிகளில் இந்த அமைப்பு ஒளிந்திருக்கும் அல்லது இருக்காது. கணினி பிரவுசரில் திறந்து பாருங்கள்.

லிங்க் வகை என்ன? குறிப்பிட்ட ஆட்களுக்கு என்று இருந்தால் பாஸ்வேர்டுக் கட்டம் வராமல் போகலாம். ‘எவரும்’ வகைக்கு மாற்றினால் தலைகாட்டும்.

இலவசக் கணக்கா? ஒன்டிரைவின் தனிநபர் கணக்கிலும் டிராப்பாக்ஸிலும் இந்த இரண்டு வசதியும் கட்டணத் திட்டங்களில்தான் வரும். இலவசத்தில் தேடிப் பயனில்லை.

அலுவலகக் கணக்கா? ‘எவரும்’ வகையையே அட்மின் மூடி வைத்திருக்கலாம். தேதிக்கு உச்ச வரம்பு போட்டிருக்கலாம். முப்பது நாள் என்று கேட்டாலும் ஏழுக்கு மேல் விடாது. இது உங்கள் கையில் இல்லை, அட்மினிடம் கேளுங்கள். கேட்கும்போது, “திறந்த லிங்க் வேண்டும்” என்று கேட்டால் மறுப்பார்கள். யாருக்கு, என்ன ஃபோல்டர், எத்தனை நாள் என்று சொல்லிக் கேட்டால் அவரே ஒரு வழி சொல்வார். சொந்தக் கணக்கில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்ற யோசனை வரும். வேண்டாம்.

### சேவை தருவதில்லை, பணம் கட்டவும் முடியாது

கூகுள் டிரைவ் லிங்க்குக்கும் இலவசக் கணக்குகளுக்கும் இதே வழி: லிங்க்கைப் பூட்ட முடியாவிட்டால் கோப்பைப் பூட்டிவிடுங்கள். 7-Zip இலவசம். ஃபோல்டரின் மேல் வலது சொடுக்கிட்டு, காப்பகமாக்கும் திரையில் பாஸ்வேர்டு கொடுத்து, கோப்புப் பெயர்களையும் மறைக்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். கட்டளையாகச் செய்வதென்றால்:

```
7z a -p -mhe=on kanakku.7z Kanakku
7z t kanakku.7z
```

முதல் வரி பாஸ்வேர்டைக் கேட்டுக் காப்பகத்தை உருவாக்கும். `-mhe=on` இல்லாவிட்டாலும் பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே இருப்பதைத் திறக்க முடியாது, ஆனால் கோப்புகளின் பெயர்ப் பட்டியல் எல்லாருக்கும் தெரியும். ‘பணிநீக்கம்’ என்று பெயர் வைத்த கோப்புக்கு அதுவே போதும், ஊரெல்லாம் பேச. இரண்டாவது வரி, அதே பாஸ்வேர்டால் திறக்கிறதா என்று சோதிக்கும்.

இதற்கு இரண்டு குறைகள் உண்டு. பெறுபவரிடமும் 7-Zip போன்ற ஒன்று வேண்டும், போனில் மட்டும் வேலை செய்பவர் திண்டாடுவார். அப்புறம், காலாவதி தேதி கிடையாது. அவர் எடுத்துவிட்டார் என்று தெரிந்ததும் டிரைவிலிருந்து நீங்களே நீக்க வேண்டும். நாள்காட்டியில் நினைவூட்டல் போட்டுவிட்டுத்தான் நான் அனுப்பவே செய்வேன்.

## தேதி வருவதற்கு முன்பே லிங்க் செத்துவிட்டது

### ஒரு நாளுக்குள் வித்தியாசம்

15ஆம் தேதி என்று வைத்தீர்கள், 15ஆம் தேதி காலையிலேயே மூடிவிட்டது. சேவை அந்த நாளின் தொடக்கத்தைக் கணக்கில் எடுக்கிறதா முடிவையா என்பது ஒன்று. யாருடைய நேரம் என்பது இன்னொன்று. உங்கள் ஊர் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருந்து, சேவை பொது நேரத்தின் நள்ளிரவில் மூடினால், உங்களுக்கு அது விடிகாலை ஐந்தரை. பெறுபவர் வேறு கண்டத்தில் இருந்தால் அவர் கணக்கு இன்னும் தள்ளிப் போகும். கணக்கு அமைப்பில் நேர மண்டலம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அதைவிடச் சுலபமானது, அவரிடம் 14 என்று சொல்லிவிட்டு லிங்க்கில் 16 என்று வைப்பது.

### பல நாள் வித்தியாசம்

இது காலாவதியே இல்லை. பிழை கண்ட கோப்பை நீக்கிவிட்டு, திருத்தியதை அதே பெயரில் ஏற்றியிருப்பீர்கள். பெயர் ஒன்றுதான், ஆனால் சேவைக்கு அது வேறு கோப்பு. லிங்க் பழையதோடு சேர்ந்து குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது. குப்பைத் தொட்டியிலிருந்து மீட்டுப் பாருங்கள், சில சேவைகளில் லிங்க்கும் உயிர் பெறும். இனிமேல் நீக்காமல், பழையதன் மேலேயே ஏற்றி, மாற்றவா என்று கேட்கும்போது சரி என்று சொல்லுங்கள். இன்னும் நல்லது, கோப்பைப் பகிராமல் ஃபோல்டரைப் பகிர்வது. உள்ளே எதை மாற்றினாலும் லிங்க்குக்கு ஒன்றும் ஆகாது.

கோப்பு அப்படியே இருக்கிறது, லிங்க் மட்டும் போய்விட்டது என்றால் அட்மின் வரம்பைக் குறைத்திருக்கலாம். அவரிடம்தான் கேட்க வேண்டும்.

## தேதி முடிந்த பிறகும் அவரால் திறக்க முடிகிறது

அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: திறப்பது லிங்க்கையா, தரவிறக்கிய நகலையா? நகல் என்றால் செய்வதற்கு எதுவும் இல்லை. காலாவதி தேதி வாசலை மூடும், எடுத்துப்போனதைத் திரும்ப வாங்காது. தரவிறக்கத்தைத் தடுக்கும் அமைப்பு சில சேவைகளில் உண்டு, அதுவும் திரையைப் படம் எடுப்பவரை நிறுத்தாது.

லிங்க்தான் திறக்கிறது என்றால், வேறு வாசல் இருக்கிறது. பூட்டாத இன்னொரு லிங்க்கா என்று முதல் பகுதியில் சொன்னபடி பாருங்கள். இல்லையென்றால் அவர் மெயில் முகவரியையே நேரடியாகச் சேர்த்திருப்பீர்கள். ஒரு மெயிலில் “எனக்கு அனுமதி வேண்டும்” என்று அவர் கேட்டிருப்பார், நீங்களும் பொத்தானைத் தட்டியிருப்பீர்கள். பட்டியலில் அவர் பெயரை நீக்கினால் நின்றுவிடும்.

## பாஸ்வேர்டும் லிங்க்கும் ஒரே இடத்துக்குப் போய்விட்டது

அறிகுறியே இல்லாத கோளாறு இது. எல்லாம் நன்றாகத் திறக்கும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்.

ஒரே மெயிலில் இரண்டையும் போடக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். பலர் செய்வது, ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது மெயிலாக அனுப்புவது. அது தனி வழி இல்லை. மெயில் பெட்டியைத் திறக்க முடிந்தவருக்கு இரண்டு மெயிலும் அடுத்தடுத்துக் கிடக்கும். லிங்க் மெயிலில் போனால் பாஸ்வேர்டு போனில் குரலாகவோ குறுஞ்செய்தியாகவோ போக வேண்டும். எண்ணும் அவர் மெயிலின் அடியில் இருந்ததாக இருக்கக்கூடாது, முன்பே உங்களிடம் இருந்ததாக இருக்க வேண்டும். மெயிலை யாராவது பிடித்திருந்தால் அந்த எண்ணையும் மாற்றி வைத்திருப்பார்கள். குறுஞ்செய்தியில் லிங்க்கைப் பற்றியோ கோப்பைப் பற்றியோ எதுவும் எழுத வேண்டாம். பூட்டிய போன் திரையில் செய்தி எட்டிப்பார்க்கும். வெறும் பதினாறு எழுத்தைப் பார்த்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

### சேர்ந்து போய்விட்டது, போன இடம் சரியான ஆள்தான்

லிங்க்கை நீக்கிப் புதிதாக எடுத்து, புதுப் பாஸ்வேர்டோடு அனுப்புங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினாலும் போதும் என்பார்கள், அதுவும் சரியே. நான் லிங்க்கையே நீக்குவது, பழைய மெயிலை யாரும் எதற்கும் பயன்படுத்த முடியாமல் போகட்டும் என்று.

### தவறான ஆளுக்குப் போய்விட்டது

இங்கே வரிசை முக்கியம். முதலில் லிங்க்கை நீக்குங்கள், பிறகு அவருக்கு எழுதுங்கள். மெயிலைத் திரும்பப் பெறும் பொத்தானைத் தேடிப் பத்து நிமிடம் போக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிடமும் லிங்க் திறந்திருந்தது. கோப்பை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்துவதும் போதாது, சில சேவைகளில் லிங்க்கும் கூடவே வந்துவிடும்.

நீக்கிய பின், இடையில் யாராவது திறந்தார்களா என்று தெரிய வேண்டும். தனிநபர் கணக்கில் சேவை காட்டும் அளவுக்குத்தான் தெரியும், பெரும்பாலும் அது எண்ணிக்கை மட்டும். அந்த எண்ணிக்கையையும் முழுதாக நம்ப வேண்டாம், மெயில் பாதுகாப்பு மென்பொருள் லிங்க்கைத் தானே ஒருமுறை தட்டிப் பார்க்கும். அலுவலகக் கணக்கு என்றால் உடனே அட்மினைக் கூப்பிடுங்கள். மைக்ரோசாஃப்ட் 365இல் அவரால் தணிக்கைப் பதிவில் `AnonymousLinkUsed` என்று தேடி, எந்த நேரத்தில் எந்த ஐபி முகவரியிலிருந்து திறக்கப்பட்டது என்று சொல்ல முடியும். வழக்கமான திட்டங்களில் அந்தப் பதிவு 180 நாள்தான் நிற்கும். கூப்பிடும் முன் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொண்டால் அவர் வேலை பாதியாகும்: அனுப்பிய லிங்க், அனுப்பிய நேரம், நீக்கிய நேரம், உள்ளே இருந்த கோப்புகளின் பட்டியல்.

உள்ளே இருந்தது மற்றவர்களின் அடையாள ஆவணமோ, வங்கி விவரமோ, மருத்துவக் குறிப்போ என்றால், பதிவில் யாரும் திறக்கவில்லை என்று வந்தாலும் விஷயத்தை உங்களோடு நிறுத்திக்கொள்ளக்கூடாது. அலுவலகத்தில் தரவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே போக வேண்டும். யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் என்று சட்டத்தில் கெடு இருக்கும் இடங்களில், அந்தக் கெடு ஓடத் தொடங்குவது உங்களுக்குத் தெரிந்த நேரத்திலிருந்து.